முழுமுக ஹெல்மெட்டுக்குள் மூக்குக் கண்ணாடி: காதுக்கு மேல் வலியும் கண்ணை மறைக்கும் ஆவியும்

கேள்வி: "தேவகோட்டையில் இருந்து காரைக்குடிக்குத் தினமும் காலை ஆறு மணி போல பைக்கில் வேலைக்குப் போகிறேன். வயது 48. பவர் மைனஸ் 3.5, கீழே படிக்கிற பவரும் சேர்ந்த பைஃபோகல், தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேம். புதிதாக முழுமுக ஹெல்மெட் வாங்கினேன். பாதி வழி தாண்டியதும் காதுக்கு மேலே விண்விண் என்று வலிக்கிறது. மார்கழி பிறந்ததில் இருந்து எங்காவது நின்றால் போதும், கண்ணாடி முழுக்க ஆவி, ஒன்றும் தெரியவில்லை. ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்டாக மாற்றிவிடலாமா? விவரமாகச் சொல்லுங்கள் ஐயா."

பெரிய அளவுக்கு மாற்ற வேண்டாம். இப்போதுள்ள ஹெல்மெட் உங்கள் தலைக்குச் சரியாக இருந்து, கண்ணாடியின் பக்கக் கம்பி மட்டுமே வலியைத் தருகிறது என்றால், ஒரு சுற்றுப் பெரிய ஹெல்மெட் அந்த வலியைக் குறைப்பது உண்மைதான். ஆனால் கன்னப் பஞ்சு தளர்ந்துவிட்ட ஹெல்மெட் காற்றில் மேலே தூக்கும், பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும்போது தலையோடு சேர்ந்து திரும்பாது, விழும்போது இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். நகர்ந்துவிட்ட ஹெல்மெட் எதற்காக வாங்கப்பட்டதோ அதைச் செய்யாது. ஆகவே முதலில் அளவு சரியா என்பதை உறுதி செய்துகொண்டு, பிறகு கம்பிக்கு இடம் தேடுவதே முறை.

அளவைப் பார்ப்பது எளிது. புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்தலையில் மிகவும் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி வரும்படி தையல்காரர் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் ஹெல்மெட்டின் உள்ளே 560, 580, 600, 620 என்று மில்லிமீட்டரில் எழுதியிருப்பது இந்தச் சுற்றளவைத்தான். அடுத்து, ஹெல்மெட்டை அணிந்து நாடாவைப் பூட்டிக்கொண்டு, அதைக் கையால் பிடித்து இடவலமாகவும் மேல்கீழாகவும் அசைத்துப் பாருங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் கன்னமும் சேர்ந்து இழுபட வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அது ஏற்கனவே பெரிது. பின்கழுத்துப் பக்கத்து விளிம்பில் விரலை வைத்து முன்னோக்கித் தள்ளும்போது ஹெல்மெட் கழன்று முகத்தின் மேல் உருண்டு வந்தாலும் அதே முடிவுதான். புது ஹெல்மெட்டில் கன்னம் சற்று உப்பி, பேசும்போது உள்கன்னம் பல்லில் படுவது இயல்பு. அந்தப் பஞ்சு சில வாரங்களில் ஓரளவு அமுங்கும் என்பதால் அதை வைத்து ஹெல்மெட் சிறியது என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி வலி எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணாடி இல்லாமல் ஹெல்மெட்டை மட்டும் அரைமணி நேரம் அணிந்திருங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. இன்னொரு நேரம் கண்ணாடியோடு அதே அரைமணி நேரம் அணியுங்கள். இரண்டு முறையும் கழற்றிய உடனே நிலைக்கண்ணாடியில் சிவந்த தடம் எங்கே என்று பாருங்கள். கண்ணாடி இல்லாதபோதே நெற்றியின் நடுவில் ஒரு சிவந்த வட்டமும் வலியும் வந்தால், அந்த ஹெல்மெட்டின் உள்வடிவம் உங்கள் தலைவடிவத்துக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். கண்ணாடியில் எதை மாற்றினாலும் அது தீராது. கண்ணாடியோடு மட்டும் காதுக்கு மேலே, பொட்டுக்கும் காதுக்கும் இடையில், ஒரு நீளக்கோடாகத் தடம் விழுந்தால் குற்றவாளி பக்கக் கம்பி. காதுக்குப் பின்னால் ஒரு புள்ளியாக வலித்தால் கம்பியின் வளைந்த நுனி. மூக்கின் இரு பக்கமும் வலித்தால் கன்னப் பஞ்சு ஃப்ரேமை முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. நீங்கள் சொல்லும் குறியைப் பார்த்தால் உங்களுடையது காதுக்கு மேலே விழும் நீளக்கோடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், என்றாலும் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

இந்த இடத்தில் அழுத்தினால் ஏன் தலையே வலிக்கிறது என்றால், காதுக்கு முன்னாலிருந்து உச்சி நோக்கி ஏறும் நரம்பு அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, அடியில் கெட்டியான எலும்பு. மேலே பஞ்சு, கீழே எலும்பு, நடுவில் கம்பி என்ற நிலையில் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு மெல்ல வலி தொடங்கும். மருத்துவத்தில் இதை வெளி அழுத்தத்தால் வரும் தலைவலி என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள்: அழுத்தம் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வரும், அழுத்தத்தை நீக்கிய ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு மணி நேரம் ஆன பிறகும் வலி நிற்கவில்லை, அல்லது வண்டி ஓட்டாத நாளிலும் வருகிறது என்றால், அதற்குக் கண்ணாடிக் கடை போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

கம்பியைப் பொறுத்தவரை மூன்று விஷயங்களே முக்கியம்: தடிமன், நேர்த்தன்மை, ஃப்ரேமின் அகலம். உங்களுடையதைப் போன்ற பிளாஸ்டிக் ஃப்ரேமில் பக்கக் கம்பி 4 மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கும். மெல்லிய உலோகத் தகட்டுக் கம்பியில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். ஹெல்மெட்டுக்குள் இந்த இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் பெரியது, ஏனென்றால் பஞ்சு எவ்வளவு தள்ளப்படுகிறதோ அவ்வளவு விசையோடு அது திரும்ப அழுத்துகிறது. தட்டையாகவும் மெல்லியதாகவும் சற்று வளைந்து கொடுப்பதாகவும் உள்ள கம்பியே வண்டி ஓட்டுபவருக்கு ஏற்றது. கீல் இருக்கும் மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும் அலங்கார வேலைப்பாடு இல்லாத ஃப்ரேமாகப் பாருங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: முகத்தைவிட ஃப்ரேம் குறுகலாக இருந்தால், கம்பிகள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்தபடி, ஹெல்மெட் இல்லாதபோதே பொட்டை அழுத்திக்கொண்டிருக்கும், அதன்மேல் ஹெல்மெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணாடியை அணிந்து நிலைக்கண்ணாடியில் நேராகப் பார்த்தால், கம்பிகள் காது வரை தோலை ஒட்டியும் ஒட்டாமலும் நேராகச் செல்ல வேண்டும்.

இதற்காக உடனே புது ஃப்ரேம் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலோரிடம் பழைய கண்ணாடி ஒன்று மேசையறையில் கிடக்கும். அதன் கம்பி மெல்லியதாக இருந்தால் அதை வண்டிக்கென்றே ஒதுக்கி, தூரப் பார்வைக்கான இன்றைய பவரில் லென்ஸ் மாற்றிக்கொண்டு, காதில் கொக்கி போல வளைந்திருக்கும் கடைசி மூன்று நான்கு சென்டிமீட்டரை ஏறக்குறைய நேராக்கித் தரும்படி கண்ணாடிக் கடையில் கேளுங்கள். பிளாஸ்டிக் கம்பியைச் சூடேற்றியும், உலோகக் கம்பியைக் கையிடுக்கியாலும் நிமிர்த்துவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. நீங்களே மெழுகுவர்த்தியிலோ அடுப்பிலோ காட்டி முயற்சி செய்யாதீர்கள், லென்ஸின் மேற்பூச்சு சூட்டில் வெடித்துவிடும். நேராக்கிய கண்ணாடி சாதாரணமாக நடக்கும்போது மூக்கில் வழுக்கும். ஹெல்மெட்டுக்குள் வழுக்காது, ஏனென்றால் அங்கே பஞ்சே அதைப் பிடித்துக்கொள்கிறது. லென்ஸ் மாற்றும்போது கண்ணாடியால் ஆன லென்ஸை விட்டு, எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாகக் கேளுங்கள். கண்ணுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கப் போகும் பொருள் அது.

அணியும் முறையும் வலியில் பாதியைத் தீர்மானிக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே ஹெல்மெட்டை இழுத்து மாட்டினால் பஞ்சு கம்பியைக் கீழே தள்ளி, காதின் மேல்மடிப்போடு சேர்த்து நசுக்கிவிடும். கொஞ்ச நாளில் கீலும் ஆடத் தொடங்கும். வைசரை முழுவதும் உயர்த்தி, ஹெல்மெட்டை வெறும் முகத்தோடு அணிந்து, நாடாவைப் பூட்டிய பிறகே கண்ணாடியை எடுங்கள். இரண்டு கம்பிகளையும் இரு கையால் பிடித்து, நுனியைக் காதின் உயரத்துக்குச் சற்று மேலே குறிவைத்து, தலைமுடிக்கும் பஞ்சுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெதுவாக உள்ளே செலுத்துங்கள். நுனி பஞ்சில் குத்தி நின்றால் திணிக்காமல் வெளியே இழுத்து, இன்னும் கொஞ்சம் மேலே முயலுங்கள். பல ஹெல்மெட்டுகளில் கன்னப் பஞ்சுக்கும் தலைப் பஞ்சுக்கும் இடையே ஒரு பிளவு, கண்ணாடிக் கம்பிக்காகவே விடப்பட்ட வழி, இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். கம்பி அந்த வழியில் விழுந்துவிட்டால் வலி வருவதற்கு இடமே இருக்காது. கழற்றும்போது முறை தலைகீழ்: முதலில் கண்ணாடி, அப்புறம் நாடா, கடைசியில் ஹெல்மெட்.

பிளவு இல்லாத ஹெல்மெட்டில் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். துணி உறைக்குள் இருக்கும் மெத்தென்ற பஞ்சு வசதிக்கானது. அதற்குப் பின்னால் தெர்மகோல் போல் வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கும் கெட்டியான நுரை, மோதும்போது நொறுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்கானது. அதில் கம்பிக்காக ஒரு வாய்க்கால் வெட்டினால், ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151 முத்திரை வெளியில் ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் அது சோதித்த ஹெல்மெட் ஆகாது. பல மாதிரிகளில் கன்னப் பஞ்சின் முதுகிலேயே இந்த நுரை ஒட்டியிருக்கும் என்பதால், கழற்றிப் பார்க்காமல் எதையும் வெட்டாதீர்கள். சில நிறுவனங்கள் அதே மாதிரிக்கு 5 மில்லிமீட்டர் மெல்லிய கன்னப் பஞ்சைத் தனியாகவே விற்கின்றன. கிடைத்தால் அதை மாற்றிக்கொண்டு, முதலில் சொன்ன தோல் இழுபடும் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் உங்கள் பைஃபோகலை மறந்துவிடுவோம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 48 வயதில் கீழ்ப்பவரோடு வண்டி ஓட்டுபவருக்கு வலியைவிட இது முக்கியம். பைஃபோகலில் படிக்கும் பகுதியின் மேல்கோட்டைக் கீழ்இமையின் விளிம்பை ஒட்டி, கண்மணியின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கீழே வைப்பது வழக்கம். முழுமுக ஹெல்மெட்டின் பஞ்சு கன்னத்தை மேலே தள்ளுகிறது. கன்னம் ஃப்ரேமின் அடிவிளிம்பைத் தள்ளுகிறது. ஃப்ரேம் 3 மில்லிமீட்டர் ஏறினால் கோடு கண்மணியின் கீழ்விளிம்புக்கே வந்துவிடும். படிக்கும் கூடுதல் பவர் 1.75 என்று வைத்துக்கொண்டால், அந்தப் பகுதி வழியாக ஏறத்தாழ 57 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் மங்கும். வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடியில் உள்ள குழியும் வேகத்தடையும் விழுவது சரியாக இந்த மங்கலில்தான். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டோடு சாதாரணமாக உட்கார்ந்து, முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தரையைத் தலை குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள். கோடு குறுக்கே வந்தால், மூக்குப் பட்டை தனியாக உள்ள ஃப்ரேமில் அதைச் சற்று விரித்து ஃப்ரேமை இறக்கச் சொல்லலாம். அதைவிட, வண்டிக்கென்று ஒதுக்கிய கண்ணாடியில் கீழ்ப்பவரே இல்லாமல் தூரப் பவரை மட்டும் போடுவது மேல். வேகமானியின் பெரிய எண்கள் அதிலும் ஓரளவு தெரியும். கைபேசியைப் படிக்க வேண்டுமானால் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும், அது நல்லதுதான். ஃப்ரேம் கண்ணை நெருங்கினால் பவர் மாறிவிடுமோ என்றும் சிலர் அஞ்சுகிறார்கள், மைனஸ் 3.5 போன்ற பவரில் 3 மில்லிமீட்டர் நெருக்கம் உணரக்கூடிய வித்தியாசம் எதையும் தராது.

இனி ஆவிக்கு வருவோம். வெளியே விடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி வெப்பத்தில், தாங்கக்கூடிய அளவு முழுவதும் ஈரத்தைச் சுமந்து வருகிறது. அது தன்னைவிடக் குளிர்ந்த பரப்பைத் தொட்டால் ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல் நீராகப் படிகிறது. சித்திரை, வைகாசியில் வெயில் 38 டிகிரிக்குப் போகும் மதியத்தில் லென்ஸும் அதே சூட்டில் இருப்பதால் மூச்சு அதில் படிவதற்கு வழியில்லை. ஆகவே அப்போது வாங்கிய ஹெல்மெட் மார்கழியில்தான் தன் குணத்தைக் காட்டும். மார்கழி, தை மாதக் காலையில் காற்று 21 டிகிரி அளவில் இருந்து, ஈரப்பதமும் 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றே 20 டிகிரியில் நீராக மாறத் தயாராக இருக்கிறது. 21 டிகிரியில் இருக்கும் லென்ஸுக்கு ஒரே ஒரு டிகிரிதான் இடைவெளி, மூச்சு கொஞ்சம் பட்டாலும் மறைந்துவிடும். கண்மாய்க் கரையை ஒட்டியும் ஊருணிகளை ஒட்டியும் சாலை செல்லும் இடங்களில் இந்த ஒரு டிகிரியும் இருக்காது. ஓடும் வண்டியில் உள்ளே நுழையும் காற்று மூச்சின் ஈரத்தை அள்ளிக்கொண்டு போவதால் ஆவி அவ்வளவாகப் படிவதில்லை. நின்றவுடன் ஹெல்மெட்டுக்குள் மூச்சு மட்டுமே சுழல்கிறது.

எந்தப் பரப்பில் படிகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும், மருந்து வேறு வேறு. நின்றதும் வைசரை உயர்த்துங்கள். பார்வை உடனே தெளிந்தால் ஆவி வைசரின் உள்பக்கம்; உயர்த்தியும் வெள்ளையாகவே இருந்தால் மூக்குக் கண்ணாடியில். வைசரின் வெளிப்பக்கத்தில் பனித்துளி படிவது மூன்றாவது விஷயம். கையுறை விரலால் ஒரு முறை வழித்தால் போய்விடும், அதற்காக உள்ளே எதையும் பூச வேண்டாம். ஓடும்போதே கண்ணாடி முழுவதும் மறைந்துவிட்டால் ஒரு கையை உள்ளே விட்டுத் துடைக்கப் பார்க்காதீர்கள். வைசரை ஒரு படி உயர்த்தி, இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள்.

மூக்குக் கண்ணாடியில் படியும் ஆவியைக் குறைக்க முதல் வேலை, மூச்சு மேலே ஏறாமல் தடுப்பது. ஹெல்மெட்டின் தாடைப் பகுதியின் உள்ளே, மூக்கை மூடுவது போல் பொருந்தும் ரப்பர் தடுப்பு ஒன்று உண்டு. சிலவற்றோடு வரும், இல்லாவிட்டால் தனியாகவும் கிடைக்கும். அது மூக்கின் மேல்பாகத்தை ஒட்டி உட்கார்ந்து மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். கண்ணாடியின் மூக்குப் பட்டையில் அது முட்டக் கூடாது. முட்டினால் ஃப்ரேமைத் தூக்கி, மேலே சொன்ன பைஃபோகல் தொல்லையைக் கொண்டுவரும். தாடையில் உள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்தே வையுங்கள். தாடைக்கு அடியில் காற்றை அடைக்கும் துணித் திரை இருந்தால் இந்த மாதங்களில் கழற்றிவிடுங்கள், மூச்சு வெளியேறும் பெரிய வாசல் அதுதான். மூக்கால் மூச்சு விட்டால் அது இயல்பாகவே கீழே போகும்; வாயால் மூச்சு விடுபவருக்கும், பின்னால் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகிறவருக்கும் எந்த ஏற்பாடும் முழுப் பலன் தராது.

இங்கே கைக்குட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பனிக்கும் செம்மண் புழுதிக்கும் பயந்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கைக்குட்டையோ முகக்கவசமோ கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடுவது நம் பக்கத்தில் சாதாரணம். பெண்கள் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறார்கள். துணி வழியாக வெளியேற முடியாத மூச்சு, மூக்கின் இரு பக்கத்து இடைவெளி வழியாக நேராக லென்ஸுக்கு ஏறுகிறது. ஆவி ஆவி என்று புலம்பும் பலருக்கு, துணியை மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்டியதுமே தொல்லை பாதியாகக் குறைவதைக் காணலாம். நீங்களும் கட்டுகிறீர்கள் என்றால் மற்ற எதற்கும் முன் இதைச் செய்து பாருங்கள், செலவு ஒன்றுமில்லை.

நிற்பதற்கு முன் வைசரை ஒரு படி திறப்பது இரண்டாவது பழக்கம். சிக்னலில் நின்று, ஆவி படிந்த பிறகு திறப்பவருக்குத் தெளிய நேரம் பிடிக்கும். பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே திறப்பவருக்கு ஆவி படிவதற்கே வாய்ப்புக் குறைவு. மறுபடி புறப்பட்டு ஓரளவு வேகம் எடுத்ததும் மூடிக்கொள்ளுங்கள். முழு வழியும் திறந்தே ஓட்டுவதை நான் சொல்லவில்லை. விடியற்காலையில் பூச்சியும், எதிரில் வரும் லாரி எழுப்பும் மண்ணும் மூக்குக் கண்ணாடியின் பக்கவாட்டு வழியாகக் கண்ணுக்குள் வரும்.

அடுத்து லென்ஸுக்குப் பூசுவது. ஆவி மறைப்பதற்குக் காரணம் நீர் நுண்துளிகளாக நின்று ஒளியைச் சிதறடிப்பது. சோப்பின் மெல்லிய படலம் இருந்தால் அதே நீர் துளியாக நிற்காமல் தகடாகப் பரவிவிடும், அதன் வழியே பார்க்க முடியும். முதலில் சாதாரணத் தண்ணீரில் லென்ஸின் இரு பக்கத்தையும் அலசுங்கள். செம்மண் தூசியோடு உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம் என்பதால் இந்த அலசலைத் தவிர்க்காதீர்கள். ஈரம் இருக்கும்போதே குழந்தைகளுக்கான ஷாம்பூவோ பாத்திரம் கழுவும் திரவமோ ஒரே ஒரு துளியை இரு பக்கமும் விரலால் தேய்த்து, நிழலில் உலரவிட்டு, மென்மையான கண்ணாடித் துணியால் தெளிவு வரும் வரை மட்டும் லேசாக ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் படலமே போய்விடும். பூச்சு வேலை செய்கிறதா என்று அறிய, வாயருகே வைத்து மெதுவாக ஊதிப் பாருங்கள். வெள்ளையாகத் திரை விழாமல் பளபளப்பாக ஈரம் பரவினால் சரி. இது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். எதிரொளி குறைக்கும் மேற்பூச்சு உள்ள லென்ஸ்களில் தண்ணீர் ஒட்டாத படலம் இருப்பதால் சோப்பு அதைவிடச் சீக்கிரம் விலகும். சுடுதண்ணீர், பற்பசை, வினிகர், ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவை அந்த மேற்பூச்சைக் கெடுத்துவிடும். ஆவி தடுப்பதற்கென்றே கடையில் கிடைக்கும் திரவமும் துணியும் பயன்படும்தான், ஆனால் உங்கள் லென்ஸின் பூச்சுக்கு ஏற்றது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். சோப்புப் படலம் கனமாகிவிட்டால் இரவில் எதிர் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். வேலை முடிந்து இருட்டில் திரும்புகிறவர் மாலையில் அதை அலசிவிட்டே கிளம்ப வேண்டும்.

வைசருக்கும் இதே சோப்பு போதும், ஆனால் அதற்கு நிரந்தரத் தீர்வாகப் பின்லாக் என்னும் உள்தகடு இருக்கிறது. வைசரின் உட்புறம் இரண்டு முளைகளுக்கு நடுவில் மாட்டப்படும் இந்தத் தகட்டைச் சுற்றி சிலிக்கோன் விளிம்பு ஓடுகிறது. அது வைசரோடு ஒட்டிக்கொண்டு நடுவில் காற்றை அடைத்துவைப்பதால் உள்பரப்பு குளிர்வதில்லை, தகடும் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. முளை உள்ள வைசராக இருந்தால்தான் மாட்ட முடியும். இதை வாங்கும் கண்ணாடிக்காரர்கள் ஏமாறுவது ஒரு விஷயத்தில்: அது வைசரை மட்டும் காக்கும், மூக்குக் கண்ணாடிக்கு எதுவும் செய்யாது. வைசர் தெளிவாக இருக்க லென்ஸ் மட்டும் மறைந்திருப்பது பின்லாக் போட்டவர்களின் வழக்கமான புகார். ஆகவே உங்கள் சோதனையில் ஆவி லென்ஸில்தான் என்று தெரிந்தால், பணத்தை மூச்சுத் தடுப்புக்குச் செலவிட்டுவிட்டு, பின்லாக்கை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் யோசிக்கலாம். அந்த மழையில் வைசரைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அப்போதுதான் அது காசுக்கு ஈடாகும்.

ஏசி போட்ட வங்கியிலிருந்தோ கடையிலிருந்தோ புழுக்கத்தில் வெளியே வந்ததும் லென்ஸ் மறைவது வேறு கதை. அங்கே குளிர்ந்திருப்பது லென்ஸ், ஈரம் வெளிக்காற்றில். ஓரிரு நிமிடத்தில் தானே தெளியும். அதுவரை ஹெல்மெட்டை மாட்டாமல் நில்லுங்கள்.

இவ்வளவும் செய்து, பழைய கண்ணாடியின் கம்பியையும் நிமிர்த்தி, அப்படியும் காதுக்கு மேல் தடம் விழுந்தால், அளவைப் பெருக்காமல் மாதிரியை மாற்றுங்கள். தாடை மேலே திறக்கும் வகை ஹெல்மெட்டில் கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதும் எளிது. எடை சற்றுக் கூடும், தாடையைத் திறந்தபடி ஓட்டினால் முழுமுகப் பாதுகாப்பு இல்லை என்ற இரண்டையும் அறிந்து வாங்கலாம். எந்த வகையானாலும் கடைக்கு வண்டி ஓட்டும் கண்ணாடியை எடுத்துப் போங்கள். ஹெல்மெட்டை அணிந்து, நாடாவைப் பூட்டி, கண்ணாடியைச் செலுத்தி, அங்கேயே கால்மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கழற்றிய பின் காதுக்கு மேல் தடம் இருக்கிறதா என்று கடைக் கண்ணாடியில் பாருங்கள். அவ்வளவு நேரம் உட்கார விடாத கடையில் வாங்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.